விரல் முந்தி, ஒலி பிந்தி

போனில் படத்தைப் போட்டு, ப்ளூடூத் வழியாக சவுண்ட்பாரில் கேட்கிறோம். உதடும் வசனமும் பிசகாமல் சேர்ந்து போகின்றன. அதே போனில் ஒரு கீபோர்டு செயலியைத் திறந்து கட்டையைத் தொட்டால், ஒலி தயங்கித் தயங்கி வருகிறது. படத்துக்குச் சரியாக இருந்த சவுண்ட்பார் இதற்கு மட்டும் ஏன் மக்கர் செய்கிறது என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு.

சவுண்ட்பாரில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வேளையிலும் ஒலி ஒரே அளவுதான் பிந்துகிறது. ப்ளூடூத்தில் அனுப்புவதற்கு முன் போன் ஒலியைச் சுருக்குகிறது. சிறு சிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. சவுண்ட்பார் அவற்றைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, விரித்து, பிறகு ஒலிக்கிறது. நடுவில் ஒரு பொட்டலம் தவறினாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சேமிப்பு. எல்லாம் சேர்ந்து, சாதாரண ப்ளூடூத்தில் 150 முதல் 250 மில்லிவிநாடி வரை, அதாவது கால் விநாடி வரை போய்விடும். படம் ஓட்டும் செயலிக்கு இந்தத் தாமதம் தெரியும். போன் அதனிடம் சொல்லிவிடுகிறது. அதனால் அது படத்தையும் அதே அளவு நிறுத்திவைத்துக் காட்டுகிறது. நமக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

விரலை யார் நிறுத்திவைப்பது? கட்டையைத் தொட்ட பிறகுதான் எந்த ஸ்வரம் என்பதே போனுக்குத் தெரியும். வரப்போவதை முன்கூட்டி அனுப்பிவைக்க வழியில்லை. விளையாட்டுச் செயலிகளிலும் இதே கதைதான். ஆகவே கம்பியா, கம்பியில்லாமலா என்று முடிவெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, ஒலி வருவதற்கு முன் உங்கள் விரலோ குரலோ உள்ளே போக வேண்டியிருக்கிறதா என்பதைத்தான். இல்லையென்றால் ப்ளூடூத் போதும். வைஃபை வழியாக அனுப்பினாலும் சரிதான். பாட்டு தொடங்கக் கூடுதலாக ஒரு நொடி ஆகும், அவ்வளவே. விரலோ குரலோ உண்டென்றால் கம்பிதான்.

அண்ணன் மகள் கீபோர்டு படிக்கிறாள். ஊருக்கு வரும்போது கருவியைத் தூக்கி வர முடியாததால் போன் செயலியை ஹோம் தியேட்டரில் இணைத்துப் பயிற்சி செய்தாள். "சித்தப்பா, தாளம் நிக்கவே மாட்டேங்குது, கை தானா மெதுவாப் போகுது" என்றாள். நகத்தால் கண்ணாடியில் சத்தம் வரும்படி தட்டி வாசிக்கச் சொல்லி, இன்னொரு போனில் குரல் பதிவை ஓடவிட்டோம். பதிவை அலைக்கோடாகப் பார்த்தால், நகத்தின் 'டக்' ஒரு சிறு முள்ளாக நிற்கிறது. ஸ்வரம் அதிலிருந்து தள்ளி, ஏறக்குறைய கால் விநாடி கழித்து எழுகிறது. அவள் வாசித்தது நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில். அதில் ஒரு தட்டுக்கு அரை விநாடி. அப்படியானால் ஒவ்வொரு ஸ்வரமும் அரைத் தட்டு பிந்தி வந்திருக்கிறது. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 80 மீட்டருக்கு அப்பால் இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு வாசிப்பதும் இதுவும் ஒன்று. கை காதுக்காகக் காத்திருக்கும். காது இன்னும் பிந்தும். வேகம் படிப்படியாக இறங்கும். பிள்ளையைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

கம்பி போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஆனால் முழுவதும் போகவில்லை. தொடுதலை உணர்ந்து ஒலியை உண்டாக்க போனுக்கே சிறிது நேரம் பிடிக்கும். அது போனுக்குப் போன் மாறும். அவளுக்கு அந்த மிச்சம் உறைக்கவில்லை, தாளம் நின்றது.

கரோக்கியில் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். ஹோம் தியேட்டரிலேயே மைக் சொருகும் துளை இருந்து, இசை மட்டும் போனிலிருந்து ப்ளூடூத்தில் வந்தால், தாமதம் பாட்டைக் கெடுக்காது. காதில் விழும் இசையோடு சேர்ந்துதான் பாடுகிறோம். குரல் நேராகக் கருவிக்குள் போகிறது. திரையில் ஓடும் வரிகள் மட்டும் ஒரு துளி முந்தலாம். போனில் குரலைப் பதிவு செய்யும் செயலி என்றால் நிலைமை வேறு. பிந்தி வந்த இசையைக் கேட்டு நீங்கள் சரியாகப் பாடினாலும், செயலி உங்கள் குரலைத் தன் இசையோடு ஒட்டும்போது அதே கால் விநாடி பிந்தி ஒட்டும். பாடகர் தாளம் தவறியதுபோல் பதிவாகும். சில செயலிகளில் குரலை முன்னே தள்ளும் வசதி உண்டு. அதைத் தேடிப் பயன்படுத்துங்கள், அல்லது கம்பிக்கு மாறுங்கள்.

இனி கம்பி. போனில் ஹெட்போன் துளை இருந்தால் வேலை சுலபம். சவுண்ட்பாரில் AUX என்று எழுதியிருந்தால் இருபுறமும் 3.5 மி.மீ. முனை உள்ள கம்பி. ஹோம் தியேட்டரில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைகள் இருந்தால், ஒருபுறம் 3.5 மி.மீ. முனையும் மறுபுறம் அந்த இரண்டு முனைகளும் உள்ள கம்பி. செருகிய பிறகு ரிமோட்டில் AUX தேர்ந்தெடுக்க வேண்டும். சரவுண்ட் முறையை நிறுத்தி ஸ்டீரியோ வையுங்கள். அந்த வேலைப்பாடும் சிறிது நேரம் தின்னும். போனின் ஒலியளவை ஏறக்குறைய முழுவதும் ஏற்றி, சவுண்ட்பாரில் குறைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக வைத்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

துளை இல்லாத போனுக்கு டைப்-சி மாற்றி வாங்கும்போதுதான் காசு வீணாகிறது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் மாற்றிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் 'டாக்' சிப் இருக்கும். மற்றதில் வெறும் கம்பி இணைப்பு மட்டும். அது, டைப்-சி துளை வழியாகவே அனலாக் ஒலியை வெளியே தரும் போன்களில்தான் வேலை செய்யும். தவறான வகையைச் செருகினால் எந்த எச்சரிக்கையும் வராது, போன் ஸ்பீக்கரிலேயே பாட்டு தொடர்ந்து பாடும். கடையில் "டாக் சிப் உள்ளதா" என்று கேட்டு, உங்கள் போனிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

AUX துளையே இல்லாத சவுண்ட்பார்கள் இப்போது நிறைய வருகின்றன. அதில் இருக்கும் USB துளையைப் பார்த்துப் போனைச் செருகாதீர்கள்; பெரும்பாலும் அது பென் டிரைவுக்கு மட்டும். HDMI ARC என்று எழுதிய துளை டிவியிலிருந்து ஒலி வாங்குவதற்கானது. போனின் டைப்-சி வழியாகப் படம் வெளியே வருமானால் அதை டிவியில் செருகி, டிவி வழியாகச் சவுண்ட்பாருக்கு அனுப்பலாம். ஆனால் விலை குறைந்த போன்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது, டிவியும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். இன்னொரு வழி, 3.5 மி.மீ. ஒலியை ஆப்டிகலாக மாற்றும் சிறு பெட்டி. கடையில் எளிதாகக் கிடைப்பது இதற்கு நேர் எதிரான, ஆப்டிகலைச் சாதாரண ஒலியாக மாற்றும் பெட்டி. உள்ளே போவது எது, வெளியே வருவது எது என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கம்பி போட்ட பிறகு 'கொர்' என்று அடிநாதம் கேட்டால், முதலில் போனின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கம்பியில் பழுதில்லை, சார்ஜர் வழியாக மின் இரைச்சல் ஏறியிருக்கிறது. சார்ஜ் போட்டு வைத்துவிட்டு, பயிற்சி நேரத்தில் கழற்றிவிட்டாலே போதும்.