"இப்ப போடாதீங்க", "எப்பவும் போடாதீங்க"



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு படம் போட்டிருந்தான். ஒரே அறிவியல் செய்தி, நாலு இணையதளம், நாலிலும் ஒரே நிமிடம். "பாருங்க பெரியப்பா, எவனோ காசு கொடுத்து ஒரே நேரத்துல போட வச்சிருக்கான்" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே பத்துப் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அதன் பெயர் எம்பார்கோ. ஒரு நாட்டின் மீது போடும் வணிகத் தடைக்கும் இதே சொல்தான், ஆனால் பத்திரிகைத் துறையில் பொருள் வேறு. "செய்தியை இப்போதே தருகிறேன், படித்துத் தயாராகுங்கள், இன்ன நாள் இன்ன மணிக்கு முன் வெளியிடாதீர்கள்" என்ற ஒப்பந்தம் அது. பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டு முன்கூட்டியே வந்துவிடும், ஆனால் குறித்த மணிக்குத்தான் முத்திரையை உடைப்போம் அல்லவா? ஏறக்குறைய அதுபோல. ஒரு வித்தியாசம், இங்கே கட்டு பிரித்த நிலையிலேயே கைக்கு வந்துவிடும். காவல் காப்பது நிருபரின் சொல் மட்டும்தான்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த ஒரு வகைக் கற்கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகள் பழையவை என்று அவர்கள் எழுதிய கட்டுரை, நேச்சர் இதழில் 2018 ஜனவரி 31 அன்று வெளியானது. அன்று புதன்கிழமை. நேச்சர் பெரும்பாலான கட்டுரைகளைப் புதன்கிழமைதான் திறக்கும். இப்போதைய கணக்கில் லண்டன் நேரம் மாலை 4 மணி, குளிர்காலத்தில் நமக்கு இரவு 9.30. அதற்குச் சில நாள் முன்பே, பதிவு செய்துகொண்ட நிருபர்களுக்குக் கட்டுரை போய்விடும். அவர்கள் ஆய்வாளரைக் கேட்கலாம். ஆய்வில் சம்பந்தப்படாத வேறொரு நிபுணருக்குக் காட்டி, "இந்தக் காலக் கணிப்பு சரிதானா?" என்றும் கேட்கலாம். அந்த நிபுணரும் அந்த மணி வரை வாய் திறக்கக் கூடாது. நேரத்துக்கு முன் யாராவது போட்டுவிட்டால் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். சட்டம், போலீஸ் எதுவும் கிடையாது, அடுத்த வாரம் அவருக்குக் கட்டுரை வராது, அவ்வளவுதான்.

ஆகவே நாலு இடத்தில் ஒரே நிமிடத்தில் வந்தால், காசு கைமாறியது என்று அர்த்தம் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. முன்கூட்டிக் கிடைத்த நாட்களை அந்த நிருபர் என்ன செய்தார்? செய்தியில் வெளி நிபுணர் ஒருவரின் கருத்து, அதுவும் ஒரு சந்தேகம், இருக்கிறதா பாருங்கள். நாலு இடத்திலும் வாக்கியங்கள் கூட ஒன்றாக இருந்தால், வந்த பத்திரிகைக் குறிப்பை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார்கள். தம்பி மகன் போட்டதில் இரண்டு அந்த ரகம்தான். அதற்குப் பெயர் சோம்பேறித்தனம், சதி இல்லை.

எம்பார்கோ எப்போதும் நல்ல காரணத்துக்குத்தான் என்று சொல்ல மாட்டேன். 1945 மே 7 அதிகாலை 2.41க்கு, பிரான்சின் ரேம்ஸ் நகரத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் ஜெர்மனி சரணடைந்து கையெழுத்துப் போட்டது. அதைப் பார்க்க 17 நிருபர்களை அழைத்துப்போனது நேச நாட்டு ராணுவம். அனுமதி வரும்வரை வெளியிட மாட்டோம் என்று எல்லோரும் உறுதி கொடுத்திருந்தார்கள். பிறகு அந்த நேரம் மறுநாள் மாலை 3 மணி என்று தள்ளிப்போனது. இதில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை, பெர்லினில் இன்னொரு சடங்கு நடத்த வேண்டும் என்று ஸ்டாலின் விரும்பியதுதான் காரணம். இதற்கிடையில் ஜெர்மன் வானொலியே சரணடைந்ததை அறிவித்துவிட்டது. அசோசியேட்டட் பிரஸ் நிருபர் எட்வர்ட் கென்னடி, இனி கட்டுப்பட மாட்டேன் என்று தணிக்கை அதிகாரியிடம் சொல்லிவிட்டு, லண்டனுக்குத் தொலைபேசியில் செய்தியைக் கொடுத்தார். அவருக்கு வேலை போனது. அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2012ல். கென்னடி இறந்தே அரை நூற்றாண்டு ஆகப்போகிற சமயம். சண்டை முடிந்த செய்தியை ஒரு சடங்குக்காகப் பூட்டி வைத்தது தவறு என்பதே என் கட்சி. மற்ற பதினாறு பேருக்கும் கோபம் வந்ததையும் குறை சொல்ல முடியாது, அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்கள்.

அடுத்து "ஆஃப் த ரெக்கார்ட்". எம்பார்கோ "இப்ப போடாதீங்க" என்றால், இது "எப்பவும் போடாதீங்க". உங்களுக்கு விஷயம் தெரியட்டும், செய்தியில் வர வேண்டாம் என்பது. செய்தியில் "பெயர் குறிப்பிட விரும்பாத அதிகாரி" என்று படிக்கிறோமே, அதையும் பலர் இதுவென்றே நினைக்கிறார்கள். அது வேறு. அங்கே விஷயத்தை எழுதலாம், பெயர்தான் கூடாது. சரியான ஆஃப் த ரெக்கார்ட் நம் கண்ணில் படவே படாது.

இதுவும் ஒப்பந்தம்தான், இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும், அதுவும் பேசுவதற்கு முன்பு. 2008ல் ஒபாமாவின் ஆலோசகர் சமந்தா பவர், ஸ்காட்ஸ்மன் நாளிதழின் பேட்டியில் ஹிலாரி கிளின்டனை ராட்சசி என்று சொன்னார். சொன்ன கையோடு, இது ஆஃப் த ரெக்கார்ட் என்றார். பேட்டி முழுவதும் வெளியிடத்தான் என்று ஏற்கெனவே பேசி முடித்ததாகச் சொல்லி, பத்திரிகை அதை வெளியிட்டது. மார்ச் 7 அன்று அவர் பதவி விலகினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் பழைய மாணவர்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். கல்குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் நம் வகுப்பறைச் சுவரில் விரிசல் கூடிக்கொண்டே போன காலம். டீக்கடையில் ஒரு பகுதிநேர நிருபரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எத்தனை அறை, எவ்வளவு நீள விரிசல், யாருக்கு எத்தனை கடிதம் எழுதினேன், எல்லாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சார், இதை எழுதிடாதீங்க" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை என் பெயர், பதவியோடு பத்திரிகையில் வந்தது. அரசு ஊழியர் அனுமதியின்றிப் பத்திரிகைக்குப் பேசியதாக எனக்கு மெமோ. சுவரை வந்து பூசிவிட்டுப் போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருடம் அந்த மனிதரை நம்பிக்கைத் துரோகி என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன பௌர்ணமி அன்று வக்ரகாளியம்மன் கோயில் கூட்டத்தில் எதிரே வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, "தப்பு என் மேலதாங்க, முதல்லயே கேட்டிருக்கணும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "முதல்லயே சொல்லியிருந்தா உங்க பேரை விட்டிருப்பேன் சார். நேரா சுவரைப் போய்ப் பாத்து, இன்ஜினீயரைக் கேட்டு எழுதியிருப்பேன். நீங்க எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டுல்ல சொன்னீங்க" என்றார்.