'விச்'சும் 'வாஸ்'ஸும் ஊறுகாய் இல்லை

இங்கிலீஷ் கட்டுரை கொஞ்சம் சுமாரா எழுத வந்ததும் நம்ம எல்லாருக்கும் ஒரு அட்வைஸ் கிடைக்கும். "வாக்கியமெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, வெரைட்டி வேணும். பத்திக்கு ஒரு ரிலேட்டிவ் கிளாஸ், ஒரு பாஸிவ் வாய்ஸ் போடு." உடனே நம்ம பசங்க இலையில ஊறுகாய் வைக்கிற மாதிரி ஓரத்துல ஒரு 'விச்', ஒரு 'வாஸ்' வெச்சுட்டுப் போயிடுவாங்க. இந்த அட்வைஸ் பாதிதான் சரி என்பது என் கட்சி. இந்த ரெண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கு. அந்த வேலைக்காகப் போட்டா வெரைட்டி தன்னால வந்துடும். வெரைட்டிக்காகப் போட்டா வாக்கியம் நொண்டும்.

முதல்ல ஒரு நல்ல செய்தி. காமர்ஸ் படிக்கிறவங்களுக்கு இது ரெண்டும் ஏற்கெனவே தெரியும். பேங்க் ரீகன்சிலியேஷன் கணக்கு போட்டிருக்கோம்ல? அதுல வர்ற 'செக்ஸ் இஷ்யூட் பட் நாட் பிரசன்டட்' என்ன? முழுசா விரிச்சா 'செக்ஸ் விச் வேர் இஷ்யூட் பட் வேர் நாட் பிரசன்டட்'. அதாவது உள்ள ஒரு ரிலேட்டிவ் கிளாஸ், அதுக்குள்ள ஒரு பாஸிவ். 'விச் வேர்' மட்டும் உதிர்ந்து போச்சு. 'கூட்ஸ் டெஸ்ட்ராய்ட் பை ஃபயர்', 'கூட்ஸ் சென்ட் ஆன் கன்சைன்மென்ட்' எல்லாம் இதே ஜாதிதான். தமிழ்ல நாம 'கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலைகள்'னு பெயரெச்சத்தை முன்னாடி வெச்சுப் பேசறோம். இங்கிலீஷ்ல பெயர் முதல்ல, விளக்கம் பின்னாடி. கணக்குப் பேப்பர்ல இதை நூறு தடவை எழுதியவன், கட்டுரைப் பேப்பர்ல மட்டும் 'தேர் வேர் சம் செக்ஸ். தே வேர் இஷ்யூட்.' என்று உடைச்சு உடைச்சு எழுதுறது ஏன்னு எனக்குப் புரியவே இல்லை :-)

ஆனா இந்த உதிர்க்கிற வித்தை எல்லா இடத்துலயும் செல்லாது. உதாரணத்துக்கு, 'பில் கொடுக்காத டீலர்' கதை. 'டிவியை வித்த டீலர் பில் தரலை'ன்னு சொல்ல நினைச்சு, 'தி டீலர் சோல்ட் தி டிவி கேவ் நோ பில்' என்று எழுதினா, படிக்கிறவர் 'டீலர் டிவி வித்தார்'னு வாக்கியத்தை முடிச்சுட்டு, 'கேவ்' வந்ததும் தடுக்கி விழுவார். காரணம், டீலர் வித்தவர், விக்கப்பட்டவர் இல்லை. செய்தவரைச் சொல்லும்போது 'ஹூ' இருந்தே ஆகணும்: 'தி டீலர் ஹூ சோல்ட் தி டிவி கேவ் நோ பில்'. சோதிக்கிறது சுலபம். உதிர்த்த இடத்துல 'விச் வாஸ்' அல்லது 'ஹூ வாஸ்' திரும்பச் செருகிப் பாருங்க. அர்த்தம் மாறாம நின்னா உதிர்க்கலாம், இல்லைன்னா கூடாது.

இதே சோதனை இன்னொரு வியாதியையும் காட்டிக் கொடுக்கும். 'எ லாஸ் வாஸ் அக்கர்ட்', 'ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்' என்று எழுதறவங்க நம்ம ஊர்ல நிறைய. அக்கர், ஹேப்பன் எல்லாம் செயப்படுபொருள் குன்றிய வினை, அதுக்குப் பாஸிவே கிடையாது. நஷ்டத்தை யாரும் 'அக்கர்' பண்ண முடியாது, அது தானா நடக்கும். எனக்கென்னவோ இதுக்குத் தமிழ்தான் காரணம்னு தோணுது. 'நஷ்டம் ஏற்பட்டது' என்பதுல 'பட்டது' கேக்குதே, உடனே மனசு 'வாஸ்' போட்டுடுது. 'தெரிவிக்கப்பட்டது' நிஜமான செயப்பாட்டு வினை. 'ஏற்பட்டது', 'புறப்பட்டது' எல்லாம் அந்த வேஷம் போட்ட சாதா வினைகள்.

அடுத்தது கமா. இதுல காசு விஷயம் இருக்கு. ஒரு கம்பெனிக்கு 10 கிளை. அதுல 3 நஷ்டத்துல ஓடுது. 'தி பிராஞ்சஸ் விச் மேட் லாசஸ் வேர் குளோஸ்ட்' என்று கமா இல்லாம எழுதினா மூடினது 3 கிளை. 'பிராஞ்சஸ்' பக்கத்துல ஒரு கமா, 'லாசஸ்' பக்கத்துல ஒரு கமா போட்டா 10 கிளையுமே நஷ்டம், 10-ஐயும் மூடியாச்சு! ரெண்டு கமாவுல 7 கிளை காலி. தமிழ்ல இந்த வேலையைக் கமா செய்யறதில்லை. 'கிளைகள் எல்லாமே நஷ்டத்தில் ஓடியதால் மூடினார்கள்'னு வாக்கியத்தையே மாத்திடுவோம். அதனாலதான் நமக்கு இந்தக் கமா அலங்காரமாத் தெரியுது. (கமா போட்ட பிறகு 'விச்'சுக்குப் பதிலா 'தட்' போடக்கூடாது என்பது உபரித் தகவல்.)

இப்ப ஒரு முழுப் பத்தியை எடுத்துப் பார்ப்போம். ப்ராஜெக்ட்டுக்கு நம்மில் பாதிப் பேர் எடுக்கிற சத்யம் கதையே இருக்கட்டும். துண்டு துண்டா எழுதினா இப்படி இருக்கும்: சத்யம் ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனி. ராமலிங்க ராஜு அதை 1987-ல் தொடங்கினார். 2009 ஜனவரி 7-ல் அவர் ஒரு கடிதம் எழுதினார். கணக்கை ஊதிக் காட்டியதாக அதில் ஒப்புக்கொண்டார். அந்த மாதமே அரசு போர்டை மாற்றியது. ஏப்ரலில் டெக் மஹிந்திரா கம்பெனியை வாங்கியது.

எழுவாயை மட்டும் எண்ணிப் பாருங்க. சத்யம், ராஜு, அவர், அவர், அரசு, டெக் மஹிந்திரா. பத்தி சத்யத்தைப் பத்தினது, ஆனா கேமரா ஆளுக்கு ஆள் தாவுது. முதல் ரெண்டையும் சேர்த்து 'சத்யம், விச் வாஸ் ஃபவுண்டட் பை ராமலிங்க ராஜு இன் 1987, வாஸ் எ ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனி' என்று எழுதலாம். இங்கே கமா கட்டாயம், ஏன்னா பேசறது ஒரே ஒரு சத்யத்தைப் பத்தி. கமா எடுத்துட்டா 'எத்தனையோ சத்யங்கள்ல 1987-ல தொடங்கினது' என்கிற மாதிரி ஆயிடும். கடைசி ரெண்டை 'இட்ஸ் போர்டு வாஸ் ரீப்ளேஸ்ட் பை தி கவர்ன்மென்ட் தட் மன்த், அண்ட் இன் ஏப்ரல் தி கம்பெனி வாஸ் பாட் பை டெக் மஹிந்திரா' என்று பாஸிவ்ல போடலாம். கேமரா கம்பெனி மேலயே நிக்குது. பாஸிவோட உண்மையான உபயோகம் இதுதான். எதைப் பத்திப் பேசிட்டு இருக்கோமோ அதை முன்னாடியும், புதுசா வர்ற ஆளை 'பை'க்குப் பின்னாடியும் வைக்க அது உதவும். இதே ப்ராஜெக்ட் டெக் மஹிந்திராவைப் பத்தினதா இருந்தா, அந்தக் கடைசி வாக்கியம் ஆக்டிவ்லயே இருக்கணும். தனி வாக்கியத்தைப் பார்த்து 'இது பாஸிவ்ல இருக்கணுமா'ன்னு யாராலயும் சொல்ல முடியாது, முந்தின வாக்கியத்தைப் பார்த்தாத்தான் தெரியும்.

நடுவுல ஒண்ணை விட்டுட்டேன், கவனிச்சீங்களா? கணக்கை ஊதினது. வெரைட்டி ஆசையில அதையும் 'தி அக்கவுண்ட்ஸ் ஹேட் பீன் இன்ஃப்ளேட்டட்' என்று எழுதத் தோணும். இலக்கணம் சரி. ஆனா கணக்கு தானே ஊதிக்கிச்சா? அந்தக் கடிதத்தோட முக்கியத்துவமே, சேர்மனே அதை ஒப்புக்கிட்டார் என்பதுதானே! 'ராஜு அட்மிட்டட் தட் ஹி ஹேட் இன்ஃப்ளேட்டட் தி அக்கவுண்ட்ஸ்' என்றுதான் எழுதணும். செய்தவர் யார்னு தெரியாதபோதோ, தெரிஞ்சும் தேவைப்படாதபோதோ 'பை' இல்லாத பாஸிவ் சரி. யார் என்பதுதான் கேள்வி என்கிறபோது அது மூடி மறைக்கிற வேலை. ஆடிட் கிளாஸ்ல 'ராங் என்ட்ரீஸ் வேர் பாஸ்ட்' என்கிற வாக்கியத்தைப் பார்த்தா, 'பை ஹூம்?' என்று ஓரத்துல பென்சிலால எழுதி வைக்கறது என் வழக்கம். அந்தப் பென்சில் குறிப்புக்குப் பதில் அடுத்த வரியில இருந்தா விட்டுடுவேன், இல்லைன்னா அந்தப் பக்கத்தை மறுபடி படிப்பேன்.