பெயர்ப் பொருத்தம் போதுமா?

நாவலில் ஒருத்திக்குச் சீதா என்று பெயர் இருந்தால் போதும், “அட, இது ராமாயணம்ல!” என்று கிளம்பிவிடுகிறார்கள் நம் விமர்சகர்கள். சரி, ராமாயணம்தான். அதுக்கப்புறம்?

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். தலைப்பிலேயே ஹோமரின் ஒடிஸியஸ் இருக்கிறான். கடிதங்களில் அத்தியாயங்களை ஹோமரின் பெயர்களால் குறிப்பிட்ட ஜாய்ஸ், 1922-ல் வந்த புத்தகத்தில் அவற்றைப் போடவில்லை. நம்மாட்கள் அதையெல்லாம் தேடி எடுத்து, ப்ளூம்தான் ஒடிஸியஸ், மாலிதான் பெனலோப்பி என்று அட்டவணை போட்டுவிட்டு வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள்.

வேலையே அங்கேதானே ஆரம்பிக்கிறது! பெனலோப்பி 20 வருடம் காத்திருந்தாள். மாலியோ அன்று மதியமே பாய்லனை வீட்டுக்கு வரச்சொல்கிறாள். அது ப்ளூமுக்கும் தெரியும். ஒடிஸியஸ் திரும்பி வந்து, மனைவியைச் சுற்றிக்கொண்டிருந்தவர்களை வில்லெடுத்துக் கொன்று குவிக்கிறான். ப்ளூம் நள்ளிரவு தாண்டி வருகிறான், படுக்கையில் இன்னொருவன் கிடந்த தடத்தைப் பார்க்கிறான், மனைவியை முத்தமிட்டுவிட்டுத் தூங்கிப்போகிறான். வில் எங்கே? ஒடிஸி படித்தவனுக்குத்தான் இந்தக் கேள்வியே வரும். முன்கதை தெரிந்திருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான், பொருத்தம் பார்ப்பதற்காக அல்ல.

கட்டிலையும் பாருங்கள். ஒடிஸியஸின் கட்டில் வேரோடு நிற்கும் ஒலிவ மரத்தில் செய்தது, அசைக்கவே முடியாது. கணவனைப் பெனலோப்பி அடையாளம் காண்பதே அந்த ரகசியத்தை வைத்துத்தான். ப்ளூம் வீட்டுக் கட்டிலில் பித்தளை வளையங்கள் கழன்று கிடக்கின்றன, புரண்டு படுத்தாலே கலகலக்கிறது. அட்டவணையில் இதற்கும் ‘கட்டில் – கட்டில்’ என்றுதான் எழுதுவார்கள்.