கடைசி நாளைக் குறிப்பிடும் கடிதம்

“அடுத்த வாரம் வாங்க, பணம் தந்துடுறேன்.” திருப்பித் தர வேண்டிய பணத்தைத் தராத கடைக்காரர்கள் பெரும்பாலும் “தரமாட்டேன்” என்று சொல்வதில்லை. இந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இதில் மறுப்பு இல்லாததால் நமக்குக் கோபமும் வருவதில்லை. வாரங்கள் மாதங்களாகின்றன. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வாழ்வோர் பலர் இப்படித்தான் தங்கள் பணத்தை மெல்ல மெல்ல மறந்துபோகிறார்கள். இந்த ‘அடுத்த வார’த்துக்கு முற்றுப்புள்ளி வைப்பது கடையில் போடும் கூச்சல் அன்று, ஒரு தேதியைக் குறிப்பிட்டு எழுதும் ஒரு பக்கக் கடிதம் என்பதே என் கருத்து.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. ஐந்து ரிங்கிட் கட்டணம் செலுத்தி, முதலாம் பாரத்தைப் பூர்த்தி செய்தால் யாரும் அங்கே வழக்குப் பதியலாம். இன்று 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது. இரு தரப்பினரும் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள முடியாது. கடைக்காரர் ஒரு பக்கம், பயனீட்டாளர் மறுபக்கம். நடுவர் இருவரையும் நேரடியாகக் கேட்பார்.

“அப்படியானால் நேரே வழக்குப் பதிந்துவிடலாமே, கடிதம் எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. முன்கூட்டியே அறிவிப்புக் கடிதம் அனுப்பியாக வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கடையை மூடிவிட்டு ஓடும் நிலையில் இருப்பவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது நேர விரயம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பெரும்பாலான தகராறுகள் அப்படிப்பட்டவை அல்ல. கடை அதே இடத்தில் இருக்கிறது. பணம் மட்டும் வரவில்லை. ஒரு கதையைக் கற்பனை செய்து பார்த்தால் இது விளங்கும்.

பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் ஒரு தாயார் பட்டணத்துக் கடையில் கட்டிலும் அலமாரியும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 1,850 ரிங்கிட். ஜனவரி 10ஆம் நாள் முழுத் தொகையையும் செலுத்திப் பற்றுச்சீட்டும் பெற்றுக்கொள்கிறார். ஜனவரி 31க்குள் பொருள் வீடு வந்து சேரும் என்று சீட்டில் எழுதப்பட்டுள்ளது. பொருள் வரவில்லை. பிப்ரவரி 14ஆம் நாள், “சரக்கு கிடைக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தருகிறோம்” என்று கடையிலிருந்து புலனத்தில் செய்தி வருகிறது. பிப்ரவரி 28ஆம் நாள் 500 ரிங்கிட் மட்டும் அவரது வங்கிக் கணக்கில் சேர்கிறது. மீதம் 1,350 ரிங்கிட். அதன்பிறகு எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தாலும் “அடுத்த வாரம்” என்பதே பதில்.

இந்த நிலையில் அந்தத் தாயார் நடுவர் மன்றத்தின்முன் நின்றால் என்ன நடக்கும்? கடைக்காரர், “நான் மறுக்கவே இல்லையே, பாதிப் பணம்கூடத் தந்தேனே, இவர்தான் அவசரப்படுகிறார்” என்று சொல்லக்கூடும். தொலைபேசியில் பேசியவற்றுக்குச் சான்று இல்லை. எந்த நாளில் தாமதம் மறுப்பாக மாறியது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. இறுதிக் கோரிக்கைக் கடிதம் செய்யும் வேலை இதுதான். அது மறுப்புக்கு ஒரு நாளைக் குறிக்கிறது. அந்த நாள் கடந்தபின் கடைக்காரரின் மௌனமே பதிலாகிவிடுகிறது.

கடிதத்தில் என்ன எழுதுவது? நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

“ஜனவரி 10ஆம் நாள் உங்கள் கடையில் கட்டில் ஒன்றும் அலமாரி ஒன்றும் வாங்குவதற்காக 1,850 ரிங்கிட் செலுத்தினேன். ஜனவரி 31க்குள் தருவதாக ஒப்புக்கொண்ட பொருள்கள் இதுவரை கிடைக்கவில்லை. பிப்ரவரி 14ஆம் நாள் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்து மூலம் ஒப்புக்கொண்டீர்கள். பிப்ரவரி 28ஆம் நாள் 500 ரிங்கிட் கிடைத்தது. மீதமுள்ள 1,350 ரிங்கிட்டை மார்ச் 28ஆம் நாள் மாலை மணி 5.00க்குள் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்நாளுக்குள் பணமோ எழுத்து மூலமான பதிலோ கிடைக்காவிட்டால், மேலும் அறிவிப்பு ஏதுமின்றி மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிவு செய்வேன். பற்றுச்சீட்டு, புலனச் செய்தி, வங்கிக் கணக்கறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.”

இவ்வளவுதான். இதில் வசை இல்லை. “ஊரெல்லாம் சொல்லிவிடுவேன்”, “போலீசுக்குப் போவேன்” போன்ற மிரட்டலும் இல்லை. பட்ட மன வேதனையைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தோன்றும். எழுத வேண்டாம். நாளைக்கு இதே கடிதத்தை நடுவர் படிக்கப் போகிறார். கணக்கும் தேதியும் மட்டும் இருந்தால் அவர் ஒரு நிமிடத்தில் நிலவரத்தைப் புரிந்துகொள்வார்.

‘மார்ச் 28’ என்று நாளையே குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். பலர் “14 நாளுக்குள்” என்று எழுதுகிறார்கள். எந்த நாளிலிருந்து 14 நாள்? கடிதத்தில் உள்ள தேதியிலிருந்தா, அஞ்சலில் சேர்த்த நாளிலிருந்தா, கடைக்காரர் கையில் கிடைத்த நாளிலிருந்தா? இந்தக் கேள்வி ஒன்றே இன்னொரு வாரத்தை விழுங்கிவிடும். நாட்காட்டியில் உள்ள ஒரு நாளைச் சொல்லிவிட்டால் வாதத்துக்கு இடமில்லை. கடிதம் மார்ச் 10ஆம் நாள் அனுப்பப்படுகிறது. அஞ்சலுக்கு நான்கு நாள், பதிலளிக்கப் பதினான்கு நாள் என்று கணக்கிட்டால் மார்ச் 28 வருகிறது.

ஏன் பதினான்கு நாள்? நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிந்தபின், எதிர்த்தரப்பினர் தம் எதிர்வாதத்தை இரண்டாம் பாரத்தில் தாக்கல் செய்ய மன்ற விதிகள் தரும் காலமும் 14 நாள்தான். மன்றமே போதுமென்று கருதும் காலத்தை நாமும் தந்தால், “எனக்கு அவகாசமே தரவில்லை” என்ற முறையீடு எடுபடாது. மூன்று நாள் கெடு விதிப்பது ஆத்திரத்தைக் காட்டும். இரண்டு மாதம் தருவதோ பழைய ‘அடுத்த வார’த்தையே நாமே எழுதிக் கொடுப்பதாகும்.

தோட்டத்தில் வாழ்வோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பல தோட்டங்களில் கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தோட்ட அலுவலகத்தில் சேர்கின்றன. கிராணி எடுத்து வைத்து, யாராவது போகும்போது கொடுத்தனுப்பினால்தான் உண்டு. பதில் கடிதமோ மன்றத்தின் விசாரணை அறிவிப்போ அலுவலக அடுக்கில் பத்து நாள் கிடந்தால் நட்டம் நமக்கே. ஆகவே அனுப்புநர் முகவரியில் தோட்டத்தின் பெயரோடு வீட்டு எண், தொலைபேசி எண், மின்னஞ்சல் மூன்றையும் எழுத வேண்டும். அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

கடிதத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்பி, அஞ்சலகம் தரும் இரசீதைக் கடித நகலோடு சேர்த்து வைக்க வேண்டும். அதே கடிதத்தைப் படம் பிடித்துப் புலனத்திலும் அனுப்பலாம். கடையில் நேரில் கொடுத்தால் நகலில் கையொப்பமும் தேதியும் பெற வேண்டும். கையொப்பமிட மறுப்பார்கள், பெரும்பாலும் மறுக்கவே செய்வார்கள். அதனால்தான் அஞ்சல் சிறந்தது என்கிறேன்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். கடையின் பலகையில் உள்ள பெயர் ஒன்று. வணிகப் பதிவில் உள்ள பெயர் வேறொன்று. பற்றுச்சீட்டின் தலைப்பிலோ அடியிலோ சிறிய எழுத்தில் பதிவுப் பெயரும் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அவை இல்லையெனில் மலேசிய நிறுவன ஆணையத்தின் இணையச் சேவையில் சிறு கட்டணம் செலுத்தித் தேடலாம். பலகைப் பெயரை மட்டும் நம்பி வழக்குப் பதிந்து தீர்ப்பும் பெற்றால், “அப்படியொரு நிறுவனமே இல்லை” என்ற பதில் வரக்கூடும். இறுதிக் கடிதத்திலேயே பெயர் சரியாக இருந்தால் முதலாம் பாரத்திலும் அது சரியாக அமையும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மேலே தமிழில் காட்டிய கடிதத்தைத் தேசிய மொழியில் எழுதி அனுப்புவதே பயன் தரும். கடைக்காரரும் நடுவரும் படிக்க வேண்டிய கடிதம் அது. இங்கே இடைநிலைப்பள்ளி மாணவர்கள் தம் பெற்றோருக்குக் கைகொடுக்கலாம். பள்ளியில் கற்ற அலுவல் கடித அமைப்பே இதற்குப் போதும். ஆனால், தொகைகளையும் தேதிகளையும் பெற்றோரே பற்றுச்சீட்டைப் பார்த்து ஒருமுறை சரிபார்க்க வேண்டும். விசாரணை நாளில் பேசப்போகிறவர்கள் அவர்கள்தாம்.

“தெரிந்த கடைக்காரர், பல வருடப் பழக்கம், கடிதம் போட்டால் மனம் நோகும்” என்று தயங்குவோரும் உண்டு. தோட்டப்புறத்தில் கடனுக்குச் சாமான் தந்து உதவிய கடைகளை மறக்க முடியாது என்பது உண்மையே. ஆனால், பழகியவர்கள் என்பதால்தான் எழுத்து தேவைப்படுகிறது. வாய்ப்பேச்சில் மனத்தாங்கல் வளரும். அமைதியான கடிதம் தொகையை மட்டுமே பேசும். சில கடைகளில் உரிமையாளருக்குச் செய்தியே எட்டியிருக்காது. ஊழியரே ‘அடுத்த வாரம்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார். பதிவு அஞ்சல் உரிமையாளரின் மேசைக்குப் போகும்.

கெடு முடிவதற்குள், “மாதம் 200 ரிங்கிட் தருகிறேன்” என்று பதில் வந்தால் என்ன செய்வது? ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஏற்பதானால் ஒவ்வொரு தவணைக்கும் தேதி குறித்து, ஒரு தவணை தவறினாலும் மீதம் முழுவதும் உடனே செலுத்தப்பட வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும். வெறும் “சரி” என்று சொல்லி முடித்துவிட்டால் ஏழு மாதம் கழித்தும் அதே இடத்தில்தான் நிற்போம். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் பதிய வேண்டும் என்பது சட்டம். கடிதப் போக்குவரத்தையே நம்பி அக்காலத்தைக் கடத்திவிடக் கூடாது.

மார்ச் 28 கடந்தும் பணம் வரவில்லையென்றால் இரண்டாவது ‘இறுதி’க் கடிதம் எழுதக் கூடாது. அப்படி எழுதினால் முதல் கடிதம் இறுதியானது அன்று என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். அடுத்த வேலை நாளில் முதலாம் பாரத்தை எடுத்து, கோரும் தொகை என்ற இடத்தில் 1,350 ரிங்கிட் என்று எழுத வேண்டும். கடிதத்தின் நகலும் அஞ்சல் இரசீதும் மற்றச் சான்றுகளோடு இணையும். விசாரணைக்கு அழைத்தும் கடைக்காரர் வரவில்லையென்றால், அறிவிப்பு அவருக்கு முறையாகச் சேர்ந்தது என உறுதியானபின், அவர் இல்லாமலேயே நடுவர் தீர்ப்பளிக்கலாம். அத்தீர்ப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்ற ஆணைக்குச் சமம். அதை மீறுவது குற்றம்.