30 நாள் தாண்டிவிட்டார், ஆனாலும் க்ளெய்ம் இல்லையா? அந்தக் கடிதத்தை இப்படிப் படியுங்கள்

“உங்கள் க்ளெய்ம், பாலிசியில் உள்ள வரையறையைப் பூர்த்தி செய்யவில்லை.”

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி எடுத்தவர்களின் வீட்டில் குண்டைத் தூக்கிப் போடும் வரி இதுதான். டாக்டர் ஸ்ட்ரோக் என்கிறார், ஸ்கேனும் அதையே காட்டுகிறது. ஆனால், இன்ஷூரன்ஸ் கம்பெனி மட்டும் இல்லை என்கிறது. “காசு கொடுக்காம ஏமாத்துறாங்க” என்று கொதிப்போம், அல்லது விதி என்று கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிடுவோம். இரண்டுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்தக் கடிதத்தில் இருக்கும் தேதிகளை எண்ணிப் பார்ப்பது.

ஏன் என்பதைப் பக்கவாதம் என்கிற ஸ்ட்ரோக்கை வைத்தே பார்த்துவிடலாம். சர்வைவல் பீரியட், நோயின் வரையறை இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் இடம் அது.

முதலில், சர்வைவல் பீரியட் என்றால் என்ன?

சாதாரண ஹெல்த் இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி பில்லைப் பார்க்காது. பட்டியலில் உள்ள நோய் வந்தது உறுதியானால், மொத்தத் தொகையையும் ஒரே தவணையில் கொடுத்துவிடும். வேலைக்குப் போக முடியாத மாதங்களின் சம்பளம், பிசியோதெரபி, வீட்டுக்கடன் இ.எம்.ஐ என எதற்கு வேண்டுமானாலும் அதைச் செலவழிக்கலாம்.

அந்தப் பணம் நோயோடு வாழப்போகிறவருக்கானது என்பதுதான் இந்த பாலிசியின் அடிப்படை. அதனால்தான், நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாட்கள் அவர் உயிரோடு இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார்கள். பல பாலிசிகளில் இது 30 நாள். சிலவற்றில் அதைவிடக் குறைவு, சிலவற்றில் இந்த நிபந்தனையே கிடையாது. 30 நாள் நிபந்தனை உள்ள பாலிசியில், ஸ்ட்ரோக் வந்தவர் 12-வது நாளில் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு அந்தப் பணம் வராது. கொடூரமாகத் தெரிகிறதா? இறப்புக்கான பணத்தைத் தருவது ஆயுள் காப்பீட்டின் வேலை என்பது கம்பெனிகளின் கணக்கு. இந்த பாலிசியை டேர்ம் இன்ஷூரன்ஸுக்கு மாற்றாக நினைத்து வாங்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இதை வெயிட்டிங் பீரியடோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். பாலிசி எடுத்த நாளிலிருந்து எண்ணுவது வெயிட்டிங் பீரியட், பெரும்பாலும் 90 நாள். அதற்குள் நோய் கண்டறியப்பட்டால் க்ளெய்ம் கிடையாது. நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து எண்ணுவது சர்வைவல் பீரியட். கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து எண்ணியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே, அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

டாக்டரின் ஸ்ட்ரோக்கும் பாலிசியின் ஸ்ட்ரோக்கும்

சரி, 30 நாள் தாண்டியாச்சு. பணம் வந்துவிடுமா? இங்கேதான் வரையறை குறுக்கே வருகிறது.

ஒரே நோய்க்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அர்த்தம் சொல்லக்கூடாது என்பதற்காக, முக்கியமான நோய்களுக்கான வரையறைகளைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ தரப்படுத்தியிருக்கிறது. அதில் இந்த நோயின் பெயரே ‘நிரந்தர அறிகுறிகளை ஏற்படுத்தும் ஸ்ட்ரோக்’ என்றுதான் இருக்கிறது. அந்த ‘நிரந்தர’ என்ற சொல்லில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

வரையறை கேட்பது மூன்று விஷயங்கள். ஒன்று, ஸ்ட்ரோக்குக்கே உரிய அறிகுறிகள் இருந்து, அதைச் சிறப்பு மருத்துவர் உறுதி செய்யவேண்டும். இரண்டு, மூளையின் சி.டி அல்லது எம்.ஆர்.ஐ ஸ்கேனில் அதற்கான மாற்றம் தெரியவேண்டும். மூன்று, நரம்பியல் பாதிப்பு குறைந்தது 3 மாதம் நீடித்ததற்கான ஆதாரம் வேண்டும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும் டி.ஐ.ஏ, அதாவது ‘மினி ஸ்ட்ரோக்’, இதில் சேராது. தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்டாலும் சேராது.

டாக்டருக்கு முதல் நாளே அது ஸ்ட்ரோக்தான். பாலிசிக்கோ, 3 மாதத்துக்குப் பிறகும் கை மரத்திருந்தால், பேச்சு குழறினால் மட்டுமே அது ஸ்ட்ரோக். இருவருமே பொய் சொல்லவில்லை. சிகிச்சை கொடுப்பதற்கான பெயர் ஒன்று, பணம் கொடுப்பதற்கான பெயர் வேறொன்று.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

புரிவதற்காக ஒரு கற்பனை உதாரணம். 38 வயது ஐ.டி ஊழியர், 20 லட்ச ரூபாய்க்கு கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி எடுத்து மூன்று வருடம் ஆகிறது. சர்வைவல் பீரியட் 30 நாள். ஜனவரி 10-ம் தேதி அவருக்கு வலது கை, கால் செயலிழந்து பேச்சு குழறுகிறது. அன்றே எம்.ஆர்.ஐ எடுத்து, ரத்தக்குழாய் அடைப்பால் வந்த ஸ்ட்ரோக் என்று உறுதி செய்கிறார்கள். ஜனவரி 14-ம் தேதி மனைவி க்ளெய்ம் தகவல் கொடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பிறகு அனுப்புகிறார்.

வெயிட்டிங் பீரியட் எப்போதோ முடிந்துவிட்டது. பிப்ரவரி 9-ம் தேதியோடு 30 நாள் சர்வைவல் பீரியடும் முடிகிறது. பிப்ரவரி 20-ம் தேதியிட்டு ஒரு கடிதம் வருகிறது. ‘சர்வைவல் பீரியட் பூர்த்தியாகியுள்ளது. எனினும், 3 மாதம் நீடித்த நிரந்தர நரம்பியல் பாதிப்புக்கான ஆதாரம் இல்லாததால் வரையறை பூர்த்தியாகவில்லை.’

இப்போது எண்ணுங்கள். ஜனவரி 10-லிருந்து பிப்ரவரி 20 வரை 41 நாள். மூன்று மாதம் முடிவதோ ஏப்ரல் 10-ல். அந்தத் தேதியில் யாராலும் கொடுக்கவே முடியாத ஆதாரத்தை இந்தக் கடிதம் கேட்கிறது. ஆகவே, இது இறுதி மறுப்பாக இருக்க நியாயமில்லை. ‘இன்னும் நேரம் ஆகவில்லை’ என்று சொல்லவேண்டிய கடிதம், ‘இல்லை’ என்று சொல்வதுபோல எழுதப்பட்டிருக்கிறது.

அந்த மனைவி செய்யவேண்டியது இரண்டு. முதலாவது, உடனே இமெயிலில் கேட்பது: “இது நிராகரிப்பா, அல்லது ஆவணத்துக்காக நிலுவையில் இருக்கிறதா? 3 மாத மதிப்பீட்டை ஏப்ரல் 10-க்குப் பிறகு அனுப்புகிறோம். அதுவரை க்ளெய்மை முடித்துவைக்க வேண்டாம்.” இப்படி எழுத்தில் கேட்காவிட்டால், ஆவணம் வரவில்லை என்று ஃபைலை மூடிவிட வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, ஏப்ரல் 10-க்குப் பிறகு நியூராலஜிஸ்ட்டிடம் புதிதாகப் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்குவது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓ.பி சீட்டில் டாக்டர் ‘நன்றாகத் தேறி வருகிறார்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுப்பார். நோயாளிக்கு அது நல்ல செய்தி. ஆனால், க்ளெய்ம் பிரிவில் அதே வரியை ‘பாதிப்பு நீங்கிவிட்டது’ என்று படிக்க முடியும். பரிசோதித்த தேதி, வலது கையின் பலம் எவ்வளவு, நடக்கத் துணை வேண்டுமா, பேச்சு எப்படி, இந்தப் பாதிப்பு ஜனவரி 10 ஸ்ட்ரோக்கால் வந்ததா, நிரந்தரமாக இருக்கும் என்று டாக்டர் கருதுகிறாரா என்று எல்லாவற்றையும் சான்றிதழ் சொல்லவேண்டும். மிகைப்படுத்தச் சொல்லவில்லை. இருப்பதை இருப்பபடியே, விவரமாக எழுதச் சொல்கிறேன்.

தேறிவிட்டால் பணம் இல்லையா?

ஆமாம். இந்த வரையறையின்படி முழுசாகக் குணமானவருக்குப் பணம் இல்லை. சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, இரண்டே வாரத்தில் பழையபடி நடக்க ஆரம்பித்தவர் க்ளெய்ம் பெற முடியாது. நிரந்தரப் பாதிப்புக்கான பணம் இது என்று தெரிந்தால் அதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் விற்கும்போது “ஸ்ட்ரோக் வந்தா 20 லட்சம்” என்று மட்டும் சொல்வதில் அந்தத் தர்க்கம் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சாதாரண ஹெல்த் பாலிசியும், குடும்பத்துக்கு டேர்ம் பாலிசியும் தனியாக இருந்தால்தான் கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசிக்கு அர்த்தமே உண்டு.

என் வாதம் இதுதான்

எனக்கு வரையறை மீது பெரிய கோபம் இல்லை. ஏதாவது ஒரு கோடு கிழித்தால்தான் பாலிசியை நடத்த முடியும். கோபம் கடிதத்தின் மீதுதான். மறுப்பு என்றால், எந்த விதியின்படி என்பதைக் கம்பெனி குறிப்பிட்டுச் சொல்லவேண்டும். ஆனால், விதி எண்ணை மட்டும் போட்டுவிட்டால் நோயாளி வீட்டில் யாருக்கு என்ன புரியும்?

ஒரு க்ளெய்ம் கடிதம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் எண்ணினீர்கள்? வரையறையின் எந்தப் பகுதி பூர்த்தியாகவில்லை? என்ன ஆதாரம், எப்போது கொடுத்தால் அது பூர்த்தியாகும்? நம் உதாரணக் கடிதம் முதல் இரண்டையும் ஓரளவு சொல்லிவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டது. அந்த ஒரு வரியில் இருப்பது 20 லட்சம். அதையும் வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில், தமிழில் கேட்டால் தமிழில், எழுதிக் கொடுப்பதில் கம்பெனிக்கு என்ன செலவாகிவிடும்?

அதுவரை அந்த மூன்று கேள்விகளையும் நாம்தான் கேட்கவேண்டும். 3 மாத ஆதாரத்தைக் கொடுத்த பிறகும் மறுத்தால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார்கள். ஆனால், கம்பெனியின் மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போகவேண்டும். கடிதத்தை மடித்து உள்ளே வைக்காதீர்கள் என்று ஆரம்பத்தில் சொன்னது இதற்காகவும்தான்.

கடைசியாக, இன்று இரவே செய்யக்கூடிய ஒன்று. உங்கள் பாலிசி பி.டி.எஃப்-ஐத் திறந்து, சர்வைவல் பீரியட் எத்தனை நாள், ஸ்ட்ரோக்கின் வரையறை என்ன என்ற இரண்டை மட்டும் படித்து, அதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். ஸ்ட்ரோக் வந்தவரால் அன்றைக்கு அந்த பி.டி.எஃப்-ஐப் படிக்க முடியாமல் போகலாம். நாட்களை எண்ணப்போவது வேறொருவராகத்தான் இருக்கும்.