மின்குமிழ் 'எரிந்தது'

'தமிழில் யோசிக்காதே' என்று பெரியமடுப் பிள்ளைகளை ஆசிரியர்கள் நாங்கள் அதட்டுவது நியாயமா?

ஆளியை மூடினோம், மின்குமிழ் எரிந்தது. பிள்ளை ஆய்வறிக்கையில் 'பல்ப் பேர்ன்ஸ்' என்று எழுதுகிறது. சிவப்புப் பேனையால் 'த பல்ப் பேர்ன்ட்' என்று திருத்துகிறோம். இலக்கணம் சரி, வாசிப்பவருக்கோ குமிழ் கருகிவிட்டது! 'த பல்ப் லிட் அப்' என்றல்லவா வர வேண்டும்?

காலப்பிழைக்கும் தமிழா காரணம்? 'எரிந்தது' இறந்தகாலம்தானே. 'ஆளியை மூடுக' என்ற செய்முறைக் கட்டளையை அப்படியே பார்த்தெழுதப் பழக்கியது நாங்கள்தான்.

'எ', 'த' சொல்லிக்கொடுக்கவும் தமிழ் உதவும். முதலில் 'ஒரு குமிழை இணைத்தோம்', பிறகு 'அந்தக் குமிழ் எரிந்தது'. தமிழில் 'அந்த' இல்லாமலும் பேசிவிடுவோம், ஆங்கிலம் விடாது. இதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை நிமிடம் போகும்?