ஒரே லீவு கடிதம், இரண்டு பிள்ளைகள்

போன தவணையில் தரம் 8இல் நடந்த ஒரு விடயம். புதன்கிழமை காலையில் இரண்டு லீவு கடிதங்கள் எங்கள் மேசைக்கு வந்தன. ஒன்று ஒரு மாணவனுடையது, மற்றது அவனுடைய பக்கத்து வீட்டு மாணவியுடையது. எழுத்து வேறு, வசனங்கள் மட்டும் சொல்லுக்குச் சொல் ஒன்று: "காய்ச்சல் காரணமாக இரண்டு நாட்கள் பாடசாலைக்கு வர முடியவில்லை."

இதை மட்டும் வைத்து பிடித்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. லீவு கடிதம் எழுதும் முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். எல்லாக் கடிதமும் அப்படித்தான் இருக்கும். பார்க்க வேண்டியது, பொருந்தாமல் நிற்கும் சொல்லை. மாணவியின் கடிதத்தில் "எனது மகன்" என்று இருந்தது. அவள் வராதது செவ்வாய் ஒரு நாள்தான், கடிதத்தில் இரண்டு நாள். எது அசல், எது பிரதி என்பது அதிலேயே தெரிந்தது.

வகுப்பில் எழுப்பி வாசித்துக் காட்டியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், விடயமும் அதோடு முடிந்திருக்கும். நாங்கள் முதலில் இடாப்பைப் பின்னோக்கிப் புரட்டினோம். அந்தத் தவணையில் அவள் வராத நாட்கள் மூன்று. மூன்றுமே மாதத்தின் இரண்டாவது செவ்வாய். காய்ச்சல் இப்படி நாள் பார்த்து வராது.

இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, "செவ்வாய்க்கிழமை எங்க போனீங்க மகள்?" என்று மட்டும் கேட்டோம். "உம்மும்மாவ கிளினிக் கூட்டிட்டுப் போனேன் டீச்சர்" என்றாள். உம்மா வெளிநாட்டில் வேலை. உம்மும்மாவுக்குச் சீனி வருத்தம், கண் பார்வையும் குறைவு. மாத்தளை ஆஸ்பத்திரிக்கு விடிய பஸ் ஏறினால்தான் நம்பர் கிடைக்கும். உம்மும்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கடிதத்தைப் பார்த்து எழுதிவிட்டாள். காய்ச்சல் பொய், போனது உண்மை.

இதில் எங்கள் பிழையும் இருக்கிறது. "பெற்றோரின் கடிதம் கொண்டு வா" என்று சொல்லும்போது, வீட்டில் எழுதத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று நாங்களே முடிவு செய்துவிடுகிறோம். இல்லாத பிள்ளை என்ன செய்யும்? கடிதம் இருந்தால் போதும் என்று நாங்கள் வாங்கி வைத்ததால், முதல் இரண்டு தடவையும் உண்மையான காரணம் எங்களுக்குத் தெரியாமலே போனது. நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அந்த வயதுப் பிள்ளை ஏன் வரவில்லை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த மாணவி கடிதத்துக்குப் பதில் கிளினிக் கொப்பியைக் காட்டுகிறாள். ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் பக்கத்து வீட்டுத் தாய் உம்மும்மாவுடன் போகிறார். அந்த மாதங்களில் செவ்வாய்க்கிழமையும் அவள் வகுப்பில் இருக்கிறாள்.

ஏமாற்றுவதற்காகப் பார்த்து எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களையும் இடாப்பு காட்டிக்கொடுக்கும். ஒரே கடிதம் இரண்டு கைக்கு வந்தால், பிரம்பை எடுக்குமுன் இடாப்பை எடுங்கள்.